பதினோரு நிமிடக் கடன்

"அக்கா, வணக்கம். டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். வயது 41, எடை 78 கிலோ, வாரம் 50 கி.மீ. ஓடுகிறேன். காம்ரேட்ஸ் என்ற தொண்ணூறு கி.மீ. ஓட்டத்துக்குத் தகுதி பெற மாரத்தானை 4 மணி 50 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், அதனால் 4:45 என்று இலக்கு வைத்தேன். அரை மாரத்தானில் என் சிறந்த நேரம் 2:12. போன மாதம் டர்பனில் ஓடிய மாரத்தானில் முதல் 10 கி.மீ. சரியாக ஒரு மணி நேரம், பாதித் தூரம் 2:11, 30 கி.மீ. 3:15. அதுவரை பறந்தேன். 31-இல் கால் கல்லாகிவிட்டது. தொடை பிடித்தது, சக்திக்காக எடுத்துப் போன மாவுச்சத்து ஜெல்லை வாயில் வைத்தாலே குமட்டல். நடந்தும் நொண்டியும் 5:08. கடைசியில் எப்படியும் தளர்வோம், முன்னாலேயே கொஞ்சம் நேரம் சேர்த்து வைப்போம் என்றுதான் வேகமாகப் போனேன். பயிற்சி போதவில்லையா, ஜெல்லில் கோளாறா, எங்கே தப்பு?"

தம்பி, நேரங்களை ஒழுங்காகக் குறித்து அனுப்பியதற்கு நன்றி. பாதிப் பேர் "30 வரை நன்றாக இருந்தது, அப்புறம் செத்தேன்" என்று மட்டும் எழுதுவார்கள், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உங்கள் கணக்கில் எல்லாமே இருக்கிறது.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். அரை மாரத்தானை மட்டும், முழு மூச்சையும் கொடுத்து ஓடியபோது உங்கள் சிறந்த நேரம் 2:12. இந்த மாரத்தானின் பாதியை 2:11-இல் கடந்திருக்கிறீர்கள். அதாவது வாழ்நாளில் ஓடிய மிக வேகமான அரை மாரத்தானை ஓடிவிட்டு, உடனே இன்னொரு அரை மாரத்தானைத் தொடங்கியிருக்கிறீர்கள். இது பயிற்சிக் கோளாறும் இல்லை, ஜெல் கோளாறும் இல்லை.

இன்னொன்று, 30 வரை நீங்கள் பறக்கவில்லை. 4:45-க்கு ஒரு கிலோமீட்டரை 6 நிமிடம் 45 விநாடியில் ஓட வேண்டும், இனி இதை 6:45 என்றே எழுதுகிறேன். முதல் 10 கி.மீ.யை 6:00 வேகத்தில் ஓடினீர்கள். அங்கிருந்து பாதித் தூரம் வரை 6:24. பாதியிலிருந்து 30 வரை 7:11. கடைசி 12 கி.மீ. 9:16. பார்த்தீர்களா, பாதியைத் தாண்டியதுமே இலக்கு வேகத்தைவிட மெதுவாகிவிட்டீர்கள். ஆனால் கைக்கடிகாரத்தின் மொத்த நேரம் இன்னும் முன்னால் இருப்பதாகக் காட்டியதால் அது கண்ணில் படவில்லை. 31-ஆம் கி.மீ.யில் தெரிந்தது நோய் முற்றியது மட்டும்தான், தொடக்கம் அங்கே இல்லை.

நேரத்தைச் சேர்த்து வைப்பது என்று சொன்னீர்களே, அந்தக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். பாதித் தூரத்தில் 4:45 ஓட்டத்துக்கான நேரம் 2:22. நீங்கள் 2:11. பதினோரு நிமிடம் கையில். 30-ஐத் தொடும்போது அதில் மூன்றரை நிமிடம் போய்விட்டது. கடைசி 12 கி.மீ.யில் இன்னும் 31 நிமிடம் போனது. பதினோரு நிமிடத்துக்கு முப்பத்து நாலரை நிமிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள். இதற்குச் சேமிப்பு என்று பேர் வைக்க முடியாது, கந்துவட்டிக் கடன் இது.

ஏன் வட்டி இவ்வளவு என்பதைப் புரிந்துகொண்டால் அடுத்த முறை கை தானாகவே அடங்கும், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஓடும்போது தசை இரண்டு எரிபொருள்களைக் கலந்து எரிக்கிறது. ஒன்று கொழுப்பு. ஒல்லியான ஆளிடம்கூட அது பல மாரத்தானுக்குப் போதுமான அளவு இருக்கும். ஆனால் அதிலிருந்து சக்தி மெதுவாகத்தான் வரும். இன்னொன்று மாவுச்சத்து. தசையிலும் ஈரலிலும் கிளைகோஜன் என்ற உருவில் இருப்பில் இருக்கும். அது வேகமாகச் சக்தி தரும், ஆனால் கையிருப்பு குறைவு. நன்றாகச் சாப்பிட்டு ஓய்வெடுத்த ஒருவரிடம் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 450 கிராம், கலோரிக் கணக்கில் 1,800.

இங்கேதான் பலருக்குக் குழப்பம். வேகமாக ஓடினால் ஒரு கிலோமீட்டருக்கு நிறையக் கலோரி செலவாகும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் ஒரு கிலோமீட்டருக்கு, ஒரு கிலோ எடைக்கு, சுமார் ஒரு கலோரிதான். உங்கள் 78 கிலோவுக்குக் கிலோமீட்டருக்கு 78 கலோரி. வேகத்தால் மாறுவது எரியும் கலவை. மூச்சு வாங்காத வேகத்தில் கொழுப்பு நல்ல பங்கைச் சுமக்கும். வேகம் கூடக்கூட மாவுச்சத்தின் பங்கு ஏறும். ஆளுக்கு ஆள் இது மாறும், ஆய்வுக்கூடத்தில் முகமூடி போட்டுத்தான் சரியாக அளக்க முடியும். கணக்குக்காக 6:45 வேகத்தில் 60 சதவீதம், 6:00 வேகத்தில் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் கிலோமீட்டருக்கு 47 கலோரி கிளைகோஜன் போகும். 42 கிலோமீட்டருக்கு 1,970 வரும். கையிருப்பு 1,800, வழியில் நாலு ஜெல் வயிற்றில் தங்கினால் இன்னொரு 350, ஆக வீடு போய்ச் சேரலாம். இரண்டாவதில் கிலோமீட்டருக்கு 62. ஜெல்லும் வாந்தியாகப் போனால், 1,800-ஐ வைத்துக்கொண்டு 29 கிலோமீட்டர்தான். நீங்கள் முழுக்க 6:00-இல் ஓடவில்லை என்பதால் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்தீர்கள்.

இருப்பு வற்றியதும் உடம்பு நிற்பதில்லை, கொழுப்பை வைத்து ஓட்டும். ஆனால் கொழுப்பு தரக்கூடிய வேகம் அவ்வளவுதான். அதனால்தான் 31-க்கு மேல் மனதைத் திட்டியும் கால் கேட்கவில்லை. நம் ஊர் ஓட்டக்காரர்கள் சுவரில் முட்டுவது என்பது இதைத்தான். கேப் டவுன் உடலியல் பேராசிரியர் டிம் நோக்ஸ் போன்றவர்கள் தசை வற்றுவதற்கு முன்பே மூளை பிரேக் போடுகிறது என்று வாதாடியிருக்கிறார்கள், இதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. யார் பிரேக் போட்டாலும், முதல் ஒரு மணி நேரத்தில் மிச்சம் பிடித்தவருக்கு அது தாமதமாகத்தான் விழும்.

ஜெல் குமட்டியதற்கும் இதே வேகம்தான் பெரிய காரணமாக இருக்க வேண்டும். கடுமையாக ஓடும்போது இரத்தம் கால் தசைக்குப் போகிறது. டர்பன் புழுக்கத்தில் தோலுக்கும் போக வேண்டும், ஏனென்றால் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து கொட்டுகிறது, உடம்பு குளிர்வதில்லை. குடலுக்கு மிஞ்சுவது சொற்பம். அங்கே போய் இறங்கிய ஜெல் உறிஞ்சப்படாமல் அப்படியே கிடந்து புரளும். விடியற்காலையில் குளிர்ச்சியாக இருந்தபோதே உடம்பைச் சூடாக்கிவிட்டால், வெயில் ஏறியதும் அந்தச் சூட்டை இறக்க வழியில்லை. அதே வேகத்துக்கு இதயத் துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

தொடை பிடித்ததை உப்புக் குறைவு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். மாத்திரைகூடக் கொடுத்திருப்பார்கள். என் அனுபவத்தில், பழகிய வேகத்துக்கு மேல் ஓடிய தசைதான் முதலில் பிடிக்கும். நீங்கள் பயிற்சியில் நீண்ட தூரத்தை 6:00-இல் ஓடியதே இல்லை, அப்படித்தானே?

சரி, இவ்வளவு தெரிந்தும் ஏன் எல்லோரும் வேகமாகத் தொடங்குகிறோம்? ஏனென்றால் முதல் 10 கிலோமீட்டர் பொய் சொல்லும். இரண்டு வாரமாகப் பயிற்சியைக் குறைத்திருப்பீர்கள், கால் துள்ளும். இருட்டு, கூட்டம், பாட்டு, தேசிய கீதம், துப்பாக்கிச் சத்தம், எல்லாம் சேர்ந்து உடம்பில் அட்ரினலின். அந்த நேரத்தில் 6:00 வேகம் உங்களுக்கு 6:45 போலத்தான் தெரியும். உழைப்பின் கனம் மனதுக்குப் புரிய நேரமாகும், கைக்கடிகாரத்தின் இதயத் துடிப்பு முதல் சில நிமிடங்களில் பின்தங்கியே வரும். என் முதல் மாரத்தானில் என்னைவிட வேகமான மூன்று தோழிகளோடு பேசிக்கொண்டே 15 கி.மீ. ஓடினேன். ஒரு சிரமமும் தெரியவில்லை. 34-ஆவது கி.மீ.யில் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு பாட்டி கொடுத்த ஆரஞ்சுச் சுளையைச் சப்பிக்கொண்டிருந்தேன்.

பெரிய ஆட்கள் எப்படி ஓடுகிறார்கள் என்று பாருங்கள். கெல்வின் கிப்டம் 2023-இல் சிகாகோவில் 2:00:35 ஓடி உலகச் சாதனை படைத்தபோது முதல் பாதி 60:48, இரண்டாவது பாதி 59:47. அதற்கு முந்தைய சாதனையை எலியுட் கிப்சோகே 2022-இல் பெர்லினில் படைத்தார். அதில் முதல் பாதி 59:51, இரண்டாவது பாதி 61:18. கிப்சோகேயே முன்னால் வேகமாகப் போனாரே என்பீர்கள். போனார், வித்தியாசம் ஒன்றரை நிமிடம். உங்களுடையது 46 நிமிடம். நம் ஊரிலேயே, காம்ரேட்ஸை 9 முறை வென்ற புரூஸ் ஃபோர்டைஸ் தொடக்கத்தில் முன்னணிக் கூட்டத்தை விட்டுவிட்டுப் பின்பாதியில் ஒவ்வொருவராகப் பிடிப்பதற்குப் பேர் போனவர். நீங்கள் போக விரும்பும் அந்தத் தொண்ணூறு கிலோமீட்டர்ச் சாலையில் இந்தப் பழக்கம் இன்னும் பல மடங்கு தேவைப்படும்.

இனி அடுத்த ஓட்டம். 4:45 உங்களுக்கு நியாயமான இலக்குதானா? அரை மாரத்தான் நேரத்தை 2.085-ஆல் பெருக்குவது வழக்கமான சூத்திரம். 2:12-க்கு அது 4:35 காட்டும். வாரம் 50 கி.மீ. ஓடுபவருக்கு அந்தச் சூத்திரம் கொஞ்சம் தாராளமாகச் சொல்லும், ஆகையால் பத்து நிமிடம் தள்ளி 4:45 வைத்தது சரி.

திட்டம் இதுதான். முதல் 3 கி.மீ. 7:05 வேகத்தில். ஆமாம், இலக்கைவிட மெதுவாக. கூட்ட நெரிசலில் அது தானாகவே அமையும், நீங்கள் செய்ய வேண்டியது இடைவெளி கிடைத்ததும் வளைந்து நெளிந்து முந்தாமல் இருப்பதுதான். பிறகு 30 வரை 6:43. இப்படிப் போனால் பாதித் தூரம் 2:23 ஆகும், 30 கி.மீ. 3:22:36. அங்கிருந்து 6:45-ஐப் பிடித்தால் 4:44:55-க்குக் கோட்டைத் தொடுவீர்கள். அங்கே கொஞ்சம் தளர்ந்து 7:05-க்கு இறங்கினாலும் 4:48:59, தகுதி கையில். அதாவது நீங்கள் தேடிய அந்தக் கூடுதல் நேரம் கடைசியிலும் கிடைக்கிறது, முன்கூட்டி எதையும் எரிக்காமலே.

நீர்ப் பந்தலில் நடந்து போங்கள், வெட்கப்பட வேண்டாம். நீர்ப் பொட்டலத்தைப் பல்லால் கடித்துக் குடிக்க ஓடிக்கொண்டே முயன்றால் பாதி மூக்கில் போகும். இருபது முப்பது விநாடி நடை 6:43-ஐக் கெடுக்காது, வேகத்தைச் சராசரியாகத்தான் சொல்கிறேன். ஜெல்லை முதல் 45 நிமிடத்திலேயே தொடங்கிவிடுங்கள், வயிறு அமைதியாக இருக்கும்போது. மணிக்கு 30 கிராம் மாவுச்சத்தில் ஆரம்பித்து, ஒத்துக்கொண்டால் ஏற்றுங்கள். மேசையில் இருக்கும் கோக்கும் உப்புத் தூவிய உருளைக்கிழங்கும் பின்பாதிக்கு.

கைக்கடிகாரத்தில் இந்த நொடியின் வேகத்தைப் பார்க்காதீர்கள். ஜி.பி.எஸ். மரத்தடியிலும் கட்டிடங்களுக்கிடையிலும் 6:10 என்றும் 7:20 என்றும் துள்ளும். ஒவ்வொரு கி.மீ. பலகையிலும் லாப் பொத்தானை அழுத்தி, அந்தக் கி.மீ.க்கான சராசரியைப் பாருங்கள். மேட்டில் அந்த எண்ணையும் மறந்துவிடுங்கள். மேட்டில் மூச்சை ஒரே அளவில் வைத்திருந்தால் வேகம் தானாகக் குறையும், சரிவில் தானாகக் கூடும். சரிவில் பாய்ந்து ஈடுகட்டப் போனால் முன்தொடை அடி வாங்கும், அதன் பலன் 32-இல் தெரியும்.

கடிகாரத்தைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. 5-ஆவது, 10-ஆவது, 15-ஆவது கி.மீ.களில் பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேசுங்கள். நடுவில் மூச்சுக்காக நிறுத்தாமல் முடிந்தால் சரி. இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்றால், கடிகாரம் 6:43 காட்டினாலும் அன்றைக்கு அது உங்கள் வேகம் இல்லை. புழுக்கம் அதிகமான நாளில் இது நடக்கும். அப்போது கிலோமீட்டருக்குப் பத்துப் பதினைந்து விநாடி விட்டுக்கொடுத்துவிடுங்கள். அன்றைக்குத் தகுதி நேரம் கைநழுவிப் போகலாம். குளிர்ந்த நாளில் இன்னொரு தகுதி ஓட்டம் தேடிக்கொள்ளலாம்.

கொடி பிடித்து வேகம் காட்டி ஓடும் ஓட்டுநரின் பின்னால் கூட்டமாக ஓடும் 4:45 பஸ் இருந்தால் ஏறிக்கொள்ளலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஏறலாம், ஆனால் கிளம்பும் முன் ஓட்டுநரிடம் எப்படி ஓட்டப் போகிறார் என்று கேளுங்கள். சிலர் சமவேகத்தில் ஓட்டுவார்கள். சிலர் முன்பாதியில் ஐந்தாறு நிமிடம் சேர்த்துக்கொண்டு பின்னால் மேடுகளில் எல்லோரையும் நடக்க வைப்பார்கள். இரண்டாவது வகை உங்களுக்கு வேண்டாம், முதல் 15 கி.மீ.க்கு அந்தக் கொடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு நூறு மீட்டர் பின்னால் போங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, 8-ஆவது கி.மீ.யில் பார்த்தால் நாலு நிமிடம் முன்னால் இருக்கிறீர்கள் என்று வையுங்கள். உடனே திட்ட வேகத்துக்கு இறங்கிவிடுங்கள். அந்த நாலு நிமிடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 7:30-க்கெல்லாம் போக வேண்டாம், எரிந்த கிளைகோஜன் திரும்பி வராது. அதேபோல, "முன்னால்தானே இருக்கிறோம்" என்று தொடரவும் வேண்டாம். ஒரு ஜெல்லை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு, அடுத்த இரண்டு நீர்ப் பந்தல்களிலும் நிதானமாக நடங்கள். 10-க்கு முன் கண்டுபிடித்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். பாதித் தூரத்தில் கண்டுபிடித்தால் சேதத்தைக் குறைக்கத்தான் முடியும்.

பயிற்சியில் ஒரே ஒரு மாற்றம். இப்போது உங்கள் ஞாயிறு நீண்ட ஓட்டம் எப்படிப் போகிறது என்று எழுதவில்லை, ஆனால் நண்பர்களோடு வேகமாகக் கிளம்பி வீடு வரும்போது தள்ளாடுவதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதைத் திருப்பிப் போடுங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை 28 கி.மீ.: முதல் 20-ஐ 7:30-இல், கடைசி 8-ஐ 6:45-இல். சாட்ஸ்வர்த் மேடுகளில் இதைச் செய்தால் எண்கள் குழம்பும், ஆகவே அந்த நாட்களில் மட்டும் கடற்கரை நடைபாதைக்கு வாருங்கள். உஷாகா பக்கத்திலிருந்து புளூ லகூன் வரை சமதளம், போய்ப் போய்த் திரும்பலாம். களைத்த காலில் 6:45 எப்படி இருக்கும் என்று அங்கே உடம்புக்குத் தெரியும். அது தெரிந்தால், துப்பாக்கி வெடித்த அடுத்த நிமிடம் 6:00 ஓடும்போது காலே சொல்லிவிடும், இது வேறு வேகம் என்று.

தொடை இன்னும் மாடிப்படி இறங்கும்போது வலித்தால் அந்த 28-ஐத் தொடங்க வேண்டாம். வலி போன பிறகு முதல் ஓட்டத்தின் லாப் நேரங்களை எழுதி அனுப்புங்கள். 20-ஆவது கி.மீ.யும் 28-ஆவது கி.மீ.யும் எனக்கு முக்கியம்.